சாவி போட்ட நேரம்

உலகத்தில் நான் முதலிடத்தில் இருக்கும் பட்டியல் ஒன்றே ஒன்றுதான். அதில் மொத்தம் நாற்பத்தொரு பேர். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சர்வீஸ் கமிஷன் பரீட்சையை நான்கு தடவை எழுதி, நான்கு தடவையும் ரிசல்ட் அன்று அம்மாவின் முகத்தைப் பார்த்தவளுக்குத்தான் அந்த நாற்பத்தொன்றின் அருமை தெரியும்.

'காப்பர்கேட்' என்று ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு. கையில் விளக்குடன் ஒருவன் இரும்புக் கதவைத் திறந்து, ஒன்பது அடுக்குச் சுரங்கத்தில் கடைசிவரை இறங்க வேண்டும். ஊரில் எல்லோரும் பொழுது போவதற்காக விளையாடுவார்கள். நாங்கள் எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்பதற்காக விளையாடுகிறோம். இதற்கு ஸ்பீட்ரன் என்று பெயர்; ஆடுவதை ஓடுவது என்போம். முழு ஆட்டத்தையும் முப்பத்தெட்டு நிமிடம், பன்னிரண்டு விநாடி, அதன்மேல் பத்தில் நான்கு பங்கில் முடித்தவள் நான். மூன்று வருடமாக அதுதான் உலக ரெக்கார்டு. என் பெயர் சிவப்ரியா, ஊர் சங்கரன்கோவில் என்று அந்த இணையதளத்தில் போட்டிருக்கும்.

அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பெங்களூரில் ஒரு கேம் கம்பெனி என்னைக் கூப்பிட்டது. விளையாட்டுகளில் பிழை கண்டுபிடிக்கிற வேலை. "உலக ரெக்கார்டு வைத்திருப்பவர் எங்கள் குழுவில் இருந்தால் பெருமை" என்று மெயிலில் எழுதியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். அதே வாரம் வெள்ளிக்கிழமை ராயகிரியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். வேலை கிடைத்தால் அந்த வெள்ளிக்கிழமை இல்லை என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கிடைக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த நிலையில்தான் குற்றாலநாதன் மாமா என் வாழ்க்கையில் கைவைத்தார்.

மாமா என் அத்தையின் கணவர், அடுத்த வீடு. கோவில் அலுவலகத்தில் எழுத்தர். ஐம்பத்திரண்டு வயதில், ராஜபாளையம் ரோட்டில் ஒரு வெள்ளாட்டுக்கு வழிவிடப் போய் வண்டியோடு சரிந்து காலை முறித்துக்கொண்டார். ஆட்டுக்கு ஒன்றுமில்லை. மாவுக்கட்டோடு ஆறு வாரம் வீட்டில் கிடக்க வேண்டும் என்றதும் மனிதருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அத்தைதான் வாக்கரைக் கையில் கொடுத்து என் அறைக்குத் துரத்திவிட்டாள்.

முதல் நாள் என் பின்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஏட்டி, கீழ கெடக்கிற செப்புக்காச எல்லாம் விட்டுட்டுப் போறியே. எடுக்க வேண்டாமா?"

"எடுக்கணும்னா அது வேற கேட்டகரி மாமா. எல்லாத்தையும் எடுத்து முடிச்சா ஹண்ட்ரட் பெர்சன்ட். எப்படியாவது கடைசிக்குப் போனாப் போதும்னா எனி பெர்சன்ட். அதுல சுவத்துக்குள்ள பூந்து போற திருட்டு வழி எல்லாம் செல்லும். நான் ஓடுறது கிளிட்ச்லெஸ். காசு எடுக்க வேண்டாம், ஆனா விளையாட்டுல உள்ள பிழையப் பயன்படுத்தக் கூடாது."

"அப்போ ஒரே ஆட்டத்துக்கு மூணு பந்தயமா?"

"ஆமா. ஒண்ணுல ஓடுனவன இன்னொண்ணுல ஓடுனவனோட ஒப்பிடக் கூடாது."

"சுவத்துக்குள்ள பூந்து போறது எனக்குச் சரிப்படாது. நானும் கிளிட்ச்லெஸ்தான்" என்றார் மாமா. யாரும் அவரைக் கேட்கவே இல்லை.

மகனுடைய பழைய லேப்டாப் அவரிடம் இருந்தது. முதல் ஆட்டத்தைக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆடி, இரண்டு மணி பத்து நிமிடத்தில் முடித்து, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொண்டுவந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் சொல்லிக் கொடுத்தேன். இதற்கு என்று தனி மெஷின் எதுவும் வேண்டாம். முதலில் எந்த கேட்டகரி என்று முடிவு செய்து, அதன் விதியைப் படிக்க வேண்டும். பட்டியலில் ஒத்துக்கொள்ளப்பட்ட வெர்ஷனில்தான் ஆட வேண்டும். இலவசமாகக் கிடைக்கிற டைமர் ஒன்று போதும். அதில் ஒன்பது அடுக்குக்கும் ஒன்பது கோடு போட்டு வைத்தால், ஒவ்வொரு அடுக்கு முடியும்போதும் ஒரு பட்டனைத் தட்டலாம். இதற்கு முந்தைய நம் சிறந்த ஓட்டத்தைவிட முந்தினால் பச்சையிலும் பிந்தினால் சிவப்பிலும் அது காட்டும். ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைத்தாலும் டைமர் நிற்கக் கூடாது. முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை திரையை வெட்டு ஒட்டு இல்லாமல் ரெக்கார்ட் செய்ய வேண்டும். அனுப்பினால் எங்களில் ஒருவர் பார்த்துச் சரி என்றால்தான் பட்டியலில் ஏறும்.

"எங்களில்னா?"

"மாடரேட்டர். நானும், பின்லாந்துல யுஹான்னு ஒருத்தனும்."

யுஹா இரண்டாம் இடத்தில் இருந்தவன். முப்பத்தெட்டு நிமிடம் பதின்மூன்று விநாடி, அதன்மேல் பத்தில் ஒரு பங்கு. எனக்கும் அவனுக்கும் ஒரு விநாடிகூட வித்தியாசம் இல்லை.

புதிதாக ஆட வருபவர்கள் யாரும் விதியைப் படிப்பதில்லை. எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். மாமா படித்தார். பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து பிரிண்ட் எடுத்து, சிவப்பு மையால் அடிக்கோடு போட்டுப் படித்தார். கோவிலில் நடை திறக்கும் நேரத்தை இருபத்தெட்டு வருடமாகப் பதிவேட்டில் எழுதுகிறவர். பூட்டில் சாவி போட்ட நேரத்தைத்தான் எழுதுவார். கதவு திறக்கும் நேரத்தை எழுத மாட்டார். கதவு ஒரு நாள் சட்டென்று திறக்கும், ஒரு நாள் மழைக்கு ஊறி மல்லுக்கட்டும். சாவி போட்டதுதான் மாறாத நேரம் என்பது அவர் கட்சி. அதற்காக ஓர் அதிகாரியிடம் சண்டை போட்டு ஊர் முழுக்கப் பெயர் வாங்கியவர்.

நேர்காணலுக்கு முந்தைய வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, வாக்கர் டொக் டொக்கென்று வாசலில் கேட்டது. கையில் அந்த பிரிண்ட் தாள்.

"ஏட்டி, ஒரு சந்தேகம். நேரம் எப்பத் தொடங்குதுன்னு நீதான எழுதிருக்க? 'நியூ கேம்' அமுக்குத அந்த ஃப்ரேம்லருந்துன்னு?"

"ஆமா."

"நான் அப்படித்தான் தொடங்குதேன். என் வீடியோவையும் உன் வீடியோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன், எங்க எங்க பிந்துதேன்னு தெரிஞ்சுக்கிட. நீ அமுக்குத. இரும்புக்கதவு திறக்கு. அது முழுசா திறந்து ஆள் நடக்க ஆரம்பிக்கும்போதுதான் உன் டைமர் ஓடுது." தாளைத் தட்டினார். "நான் சாவி போட்ட நேரம் எழுதுதேன். நீ கதவு திறந்த நேரம் எழுதிருக்க."

பக்கத்துத் தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

வீடியோவைத் திறந்து ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினேன். ஒரு விநாடிக்கு அறுபது ஃப்ரேம், அதாவது அறுபது படம். பட்டனை அமுக்கிய ஃப்ரேம், டைமர் தொடங்கிய ஃப்ரேம், இரண்டுக்கும் நடுவே நூற்றைம்பத்தாறு. அறுபதால் வகுத்தால் இரண்டு புள்ளி ஆறு விநாடி. கதவு திறக்க எப்போதும் ஆகிற நேரம். முப்பத்தெட்டு பன்னிரண்டு புள்ளி நான்கோடு கூட்டினால் முப்பத்தெட்டு பதினைந்து. யுஹா பதின்மூன்று புள்ளி ஒன்று.

நான் இரண்டாம் இடம்.

"அய்யோ மாமா" என்றேன். "நான் ஓடும்போது பழைய விதி. ஆள் நடக்க ஆரம்பிச்ச பெறவுதான் நேரம். ரெண்டு வருசத்துக்கு முன்னால விதிய மாத்துனேன். அப்ப இருந்த எல்லாருக்கும் ரெண்டு புள்ளி ஆறு கூட்டுனேன். எனக்குக் கூட்ட மறந்துட்டேன்."

மாமா என் முகத்தையே பார்த்தார். "சரி" என்றார். வேறொன்றும் சொல்லாமல் வாக்கரைத் திருப்பிக்கொண்டு போனார்.

மறந்துட்டேன் என்றது பொய்.

விதியை மாற்றிய அன்றைக்கு என்னைத் தவிர பட்டியலில் ஆறு பேர்தான். ஒவ்வொருவராக மாற்றிக்கொண்டு வந்தேன். என் வரி வந்தது. கர்சர் அங்கே நின்றது. பரீட்சையில் மூன்றாவது தடவை தோற்ற வாரம் அது. எப்படியும் நாளைக்கே இன்னும் வேகமாக ஒன்று ஓடிவிடுவேன், அப்போது புது விதிப்படியே போட்டுக்கொள்வோம் என்று பக்கத்தை மூடினேன். அப்போது யுஹா பட்டியலிலேயே கிடையாது. இரண்டாவதாக இருந்தவன் என்னைவிட ஒரு நிமிடம் பிந்தி. யாருக்கும் நஷ்டமில்லை. நாளை வந்தது, போனது, இரண்டு வருடம் ஆயிற்று. போன வருடம் யுஹா வந்தான். அவனுடைய ஓட்டத்தை ஃப்ரேம் எண்ணிச் சரிபார்த்தவளே நான்தான். அவன் முதலிடம் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். 'அருமை, ஒரு விநாடிக்குள் வந்துவிட்டாய்' என்று அவனுக்கு வாழ்த்து அனுப்பினேன். என்னுடையதை அவன் சரிபார்க்கவே இல்லை. என்னை நம்பினான், மடையன்.

வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. மாமாவின் வாயை அடைத்துவிட்டால் வேறு யாருக்குத் தெரியும் என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரே வழிதான் என்று தோன்றியது. இன்னும் மூன்று நாள் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் யுஹாவை உண்மையாகவே முந்திவிட வேண்டும். முந்திவிட்டால் பழைய பொய்க்கு வேலையே இல்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு தடவை ஓடினேன். ஸ்பீட்ரன்னில் முக்கால்வாசி ஓட்டம் முதல் ஐந்து நிமிடத்திலேயே செத்துவிடும். ஒரு தாவல் பிசகினால் மூன்று விநாடி போச்சு, டைமரில் சிவப்பு விழும், ரீசெட். திரும்ப இரும்புக்கதவு. திரும்ப சிவப்பு. சனிக்கிழமை வலது கட்டைவிரல் வீங்கிவிட்டது. அம்மா ராயகிரிக்காரர்கள் வரும்போது கட்ட வேண்டிய புடவையை என் கட்டிலில் விரித்து வைத்துவிட்டு, விரலைப் பார்த்து, தைலம் தேய்த்துவிட்டாள். மாப்பிள்ளை நல்லவராகவே இருக்கட்டும். என் பெயருக்குப் பக்கத்தில் நானே சம்பாதித்தது என்று ஒன்றாவது வேண்டாமா?

ஞாயிறு மதியம் மாமா வந்தார். என்னைக் கேட்காமலே பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு மணிக்குக் கரண்ட் ஒரு கண்சிமிட்டல் போய்விட்டு வந்தது. கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி ஏறியது. எட்டாம் அடுக்கில் இருந்த ஓட்டம் போயிற்று. கீபோர்டை ஓங்கிக் குத்தினேன். "குத்தாத, அதுக்கென்ன தெரியும்" என்றார் மாமா.

எல்லாவற்றையும் மறுபடி திறந்தேன். விளையாட்டு, ஒப்பிட யுஹாவின் நேரங்களை ஏற்றிவைத்திருந்த டைமர். நியூ கேமை அமுக்கிய அதே நொடியில் டைமரையும் தட்டினேன்.

முதல் அடுக்கு பச்சை. இரண்டு, மூன்று, பச்சை. ஐந்தாம் அடுக்கில் நான் எப்போதும் தவறவிடும் தொங்குபாலம், தவறவில்லை. ஏழில் யுஹாவைவிட இரண்டு விநாடி முந்தி. என் கை என்னுடையதாகவே இல்லை. மாமா மூச்சுவிடும் சத்தம் கேட்டது. ஒன்பதாம் அடுக்கில் கடைசி விளக்கை ஏற்றிவிட்டு டைமரைத் தட்டினேன்.

முப்பத்தெட்டு நிமிடம் ஒன்பது விநாடி.

கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள். மாமா வாக்கரைத் தூக்கித் தரையில் குத்தினார். நான் அழுதுகொண்டே, வீடியோவை நிறுத்துவதற்காகத் திரையின் மூலைக்குப் போனேன். அங்கே ரெக்கார்டிங் ஓடும்போது எரியும் சிவப்புப் புள்ளி இல்லை.

கரண்ட் போய் வந்தபிறகு விளையாட்டைத் திறந்தேன், டைமரைத் திறந்தேன். ரெக்கார்டிங்கைத் திறக்கவில்லை.

அம்மா ஒன்றும் புரியாமல் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். மாமாதான் பேசினார்.

"நான் பாத்தேம்லா. தொடக்கத்துலருந்து கடைசி வரைக்கும் பாத்தேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"செல்லாது மாமா. முழு வீடியோ இல்லாம எந்த ஓட்டத்தையும் எடுக்கக் கூடாது."

"டைமர்ல நேரம் நிக்கே?"

"டைமர்ல யாரு வேணும்னாலும் என்ன நேரம் வேணும்னாலும் நிக்க வைக்கலாம்."

"இத எழுதுனது யாரு?"

"நான்தான்" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு நிற்காமல் அழுகையாகப் போயிற்று.

அழுது முடிந்ததும் மணி நாலரை. இன்னும் ஓடலாம். விரலை மடக்க முடியவில்லை. வீடியோ இல்லாமல் முப்பத்தெட்டு ஒன்பது என்று போட்டு யுஹாவுக்கு அனுப்பினாலும் என் பேச்சை நம்புவான். நம்புவான் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அவனுடைய இடத்தில் ஒரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் எத்தனை தடவை அந்த நம்பிக்கையைத் தின்பது?

மாடரேட்டர் பக்கத்தைத் திறந்தேன். என் வரி. முப்பத்தெட்டு பன்னிரண்டு புள்ளி நான்கை அழித்து முப்பத்தெட்டு பதினைந்து என்று அடித்தேன். காரணம் எழுதும் இடத்தில், 'விதி மாறியபோது என் நேரத்தைத் திருத்தவில்லை, தெரிந்தே விட்டேன்' என்று எழுதினேன். சேமித்ததும் யுஹாவின் பெயர் மேலே ஏறியது. என் பெயர் கீழே இறங்கியது. அவ்வளவுதான். சத்தம்கூட இல்லை. அதே வரிகளை பெங்களூருக்கும் மெயில் அனுப்பினேன். நாளைக்கு நீங்கள் பார்க்கும் பட்டியலில் நான் முதலிடத்தில் இருக்க மாட்டேன் என்று.

வரிசையில் சரிபார்க்க ஒரு ஓட்டம் காத்திருந்தது. அனுப்பியவர் குற்றாலநாதன், சங்கரன்கோவில், கிளிட்ச்லெஸ், ஐம்பத்தொரு நிமிடம் முப்பத்தேழு விநாடி. பார்த்தேன். பாலத்தில் நான்கு தடவை விழுகிறார். ஒரு இடத்தில் வழி தெரியாமல் நின்று யோசிக்கிறார். தொடக்கமும் முடிவும் ஃப்ரேம் எண்ணினேன். ஒரு குறை இல்லை. சரி என்று அமுக்கினேன். நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்திரண்டாவது இடம்.

"ஏறிட்டா?" என்றார்.

"ஏறிட்டு மாமா. கடைசி."

"கடைசின்னாலும் என் நேரம்லா" என்றார்.

திங்கட்கிழமை நேர்காணல் ஏழு நிமிடம் நடந்தது. ஒரு அம்மா, இரண்டு ஆண்கள். நேர்மைக்கு நன்றி என்று அந்த அம்மா மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை மெயில் வந்தது. தெரிந்தே ஒரு பிழையை இரண்டு வருடம் விட்டுவைத்தவரைப் பிழை கண்டுபிடிக்கும் வேலைக்கு எடுப்பதற்கில்லை என்று நாகரிகமான வார்த்தைகளில் எழுதியிருந்தார்கள். கோபப்படக்கூட எனக்கு இடம் வைக்கவில்லை.

யுஹாவிடமிருந்தும் ஒரு வரி வந்திருந்தது. 'நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.' அது நன்றியா வசவா என்று தெரியவில்லை. இரண்டும் எனக்கு உரியதுதான்.

வெள்ளிக்கிழமை காலை புடவை கட்டிக்கொண்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். ராயகிரியிலிருந்து கார் புறப்பட்டாயிற்று என்று அப்பாவுக்குப் போன் வந்திருந்தது. வாக்கர் இல்லாமல், மாவுக்கட்டு பிரித்த காலை இழுத்துக்கொண்டு மாமா உள்ளே வந்தார். என்னைப் பார்க்க முடியாமல் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம், மக்கா."

"மாமா, அன்னைக்கு நான் மறந்துட்டேன்னு சொன்னம்லா? மறக்கல."

"தெரியும்" என்றார். "இருபத்தெட்டு வருசம் பதிவேடு எழுதுதேன். மறந்தவன் முகம் வேற."

"பெறகு ஏன் ஒண்ணும் சொல்லாமப் போனீய?"

"நீ எழுதுன விதி. நீயே திருத்தட்டும்னு போனேன்."

தெருமுனையில் கார் சத்தம் கேட்டது. அம்மா கூப்பிட்டாள். எழுந்தேன். எழுந்தவள் திரும்ப உட்கார்ந்து, ரெக்கார்டிங்கைத் திறந்து சிவப்புப் புள்ளியை எரியவிட்டு, டைமரைத் திறந்தேன்.

"ஏட்டி, ஆளு வந்தாச்சு" என்றார் மாமா.

"முப்பத்தெட்டு நிமிசம் காப்பி குடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லி நியூ கேமை அமுக்கினேன்.